‘இன்றே ரெடி’ என்று எந்த போனுக்கு எழுதலாம்?

செல்போன் சர்வீஸ் கடைகளின் போர்டில் இரண்டு வாசகங்களைத் தவறாமல் பார்க்கலாம். ‘அனைத்து வகை மொபைல்களும் ஒரே நாளில் சர்வீஸ் செய்து தரப்படும்’ என்பது ஒன்று. ‘100% கேரண்டி’ என்பது இன்னொன்று. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்து இவற்றைக் கடைக்காரர் எழுதுவதில்லை. பக்கத்துக் கடையில் அப்படி இருக்கும். ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் தன்னிடம் இருந்த பழைய டிசைனையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருப்பார். ஆனால் கவுண்டரில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வரிகளிலிருந்துதான் கிளம்புகின்றன. காலையில் போனைக் கொடுத்தவர் மூன்றாவது நாளும் வந்து நிற்பார். மாற்றிய டிஸ்ப்ளேயில் ஒரு மாதத்தில் கோடு விழுந்தவர், ‘கேரண்டின்னு போட்டிருக்கீங்களே’ என்று போர்டைக் காட்டுவார்.

அதற்காக அந்த வாக்குறுதியே வேண்டாம் என்று எடுத்துவிட முடியாது. போன் இல்லாமல் ஒரு நாளைக் கடத்துவது இன்று யாருக்கும் எளிதில்லை. வங்கி ஓடிபி, யூபிஐ பணம், பிள்ளையின் பள்ளித் தகவல் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. உடைந்த போனோடு கடைப்படி ஏறுகிறவர் பல நேரம் விலையைக் கேட்பதற்கு முன்பே, “இன்னைக்கே கிடைச்சிடுமாண்ணே?” என்றுதான் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் போர்டின் வேலை. அந்தப் பதில் வேலைக்கு வேலை மாறும் என்பதைப் போர்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் விஷயம்.

சில வேலைகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். டிஸ்ப்ளே உடைந்தது, பேட்டரி உப்பியது, சார்ஜிங் பின் ஆடுகிறது என்றால் கோளாறு கண்ணுக்கே தெரிகிறது. எந்த பார்ட் வேண்டும் என்பதிலும் சந்தேகம் இல்லை. பார்ட் அலமாரியில் இருந்தால் மீதி கைவேலைதான். மற்றவை அப்படி இல்லை. திடீரென்று செத்துப்போன போன், தண்ணீரில் விழுந்த போன், லோகோவில் நின்றுவிடும் போன் ஆகியவற்றில் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. அந்தப் பாதிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எந்த மெக்கானிக்காலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ‘அனைத்து வகை’ என்ற சொல் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. போர்டில் முதலில் எடுக்க வேண்டிய சொல் அதுதான்.

நேரம் தெரிந்த வேலைக்குக்கூட எவ்வளவு பிடிக்கும் என்பதை ஒரு டிஸ்ப்ளே வேலையை வைத்துப் பார்ப்போம். காலை 11 மணிக்கு ஒரு சாம்சங் போன் வருகிறது. அமோலெட் திரை, மூலையில் அடிபட்டு உடைந்திருக்கிறது. மெக்கானிக் முதலில் போனைத் திறக்கக் கூடாது. கேமரா, மைக், ஸ்பீக்கர், சார்ஜிங், கைரேகை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று வாடிக்கையாளர் எதிரிலேயே பார்த்து ஒரு சீட்டில் குறிக்க வேண்டும். திரை முழுக்கக் கறுத்து எதையும் பார்க்க முடியவில்லை என்றால், ‘பார்க்க இயலவில்லை’ என்று எழுதிவிட வேண்டும். ‘கொடுக்கும்போது கேமரா நல்லாத்தான் இருந்துச்சு’ என்ற பிரச்சினை மாலையில் வராமல் இருக்க இந்தச் சீட்டு ஒன்றுதான் வழி.

பிறகு பின்பக்கத்தைச் சூடாக்கி, பசை இளகியதும் மெல்லிய தகட்டால் மூடியைப் பிரிக்க வேண்டும். அடுத்து பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். அதைச் செய்யாமல் திரையின் ஃப்ளெக்ஸைப் பிடுங்கினால் போர்டே போகலாம். உடைந்த காம்போவைப் பெயர்த்தெடுத்த பிறகு வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஃப்ரேமின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையையும் கண்ணாடித் துகளையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு சிறு துகள் மிச்சமிருந்தாலும் புதிய திரை அந்த இடத்தில் மேடேறி நிற்கும். பாக்கெட்டில் கொஞ்சம் அழுந்தினாலே அங்கிருந்து விரிசல் ஓடும். அவசரத்தில் இந்த இடத்தைத்தான் பலரும் சுருக்குகிறார்கள். ஒரு மாதம் கழித்து ‘கீழேயே விழலை, தானா உடைஞ்சுது’ என்று திரும்பி வரும் போன்களில் சில இப்படிச் சுருக்கிய வேலைகள்தான்.

புதிய காம்போவை ஒட்டுவதற்கு முன் கனெக்டரில் மட்டும் மாட்டிச் சோதிக்க வேண்டும். பல சாம்சங் போன்களில் டயலரில் *#0*# என்று அடித்தால் சோதனைப் பக்கம் திறக்கும். அதில் Red, Green, Blue என்று ஒவ்வொன்றாகத் தொட்டால் திரை முழுக்க அந்த நிறம் வரும். புள்ளியோ கோடோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். Touch என்பதைத் தொட்டால் கட்டங்கள் வரும். எல்லாக் கட்டங்களின் மீதும் விரலை ஓட்டினால், டச் வேலை செய்யாத இடம் மட்டும் நிறம் மாறாமல் நிற்கும். இதை வாடிக்கையாளரிடமே கொடுத்துச் செய்யச் சொல்வது நல்லது. அதன் பிறகுதான் பசை போட்டு, க்ளிப்போ ரப்பர் பேண்டோ மாட்டி வைக்க வேண்டும்.

பார்ட் கையில் இருந்தால் இவ்வளவும் முடிய ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். 11 மணிக்குக் கொடுத்தவர் மதியம் வாங்கிப் போகலாம். ஆனால் கடைகளில் போடும் டியூப் பசை சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டாலும், முழுசாக இறுக ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை எடுக்கும். அதற்குள் போனைப் பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தால் திரை ஓரம் தூக்கும். எனவே ‘ஒரே நாளில்’ என்று எழுதுகிற கடை, பசை காய ஒரு நாள் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போன் இன்று கைக்கு வரும். நாளை வரை கொஞ்சம் பார்த்துப் பிடிக்க வேண்டும். இதைச் சொன்னால் வாடிக்கை குறையாது, போன் திரும்பி வருவதுதான் குறையும்.

அடுத்தது பார்ட். அதிகம் விற்கும் மாடல்களின் காம்போவைக் கடையிலேயே வைத்திருப்பார்கள். மற்றவற்றுக்கு ஊரில் உள்ள மொத்தக் கடைக்குப் போன் போட வேண்டும். அங்கும் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வர வேண்டும். அப்படி வரும் பார்ட்டை வைத்துக்கொண்டு ‘இன்றே’ என்று சொல்லவே முடியாது. ஆகவே வாக்குறுதியில் பார்ட் இருப்பு ஒரு நிபந்தனையாக வந்தே ஆக வேண்டும். மூன்றாவது நிபந்தனை கையில் இருக்கும் ஆள். ஒரே மெக்கானிக், ஒரு திரைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், காலை 10 முதல் இரவு 8 வரை இடைவிடாமல் உட்கார்ந்தாலும் ஆறு திரைதான் முடியும். சாப்பாடு, கவுண்டர், நடுவில் வரும் சின்ன வேலைகளைக் கழித்தால் நான்கு. மாலை 6 மணிக்கு வரும் ஐந்தாவது ஆளிடமும் போர்டு அதே வாக்குறுதியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு நேர வரம்பு வைக்க வேண்டும்.

இந்த மூன்றையும் சேர்த்தால் போர்டில் இப்படி எழுதலாம்: ‘டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் பின்: பார்ட் எங்கள் கடையில் இருந்து, மதியம் 1 மணிக்குள் போனைக் கொடுத்தால், இரவு 8 மணிக்குள் ரெடி. பார்ட் இருக்கிறதா என்று வருமுன் போனில் கேளுங்கள்.’ பழைய வரியை விட நீளம்தான். ஆனால் படிக்கிறவருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அவர் போன் செய்து மாடலைச் சொல்வார், ‘இருக்குங்க, ஒரு மணிக்குள்ள கொண்டு வந்துருங்க’ என்று கடைக்காரர் சொல்வார். அந்த நிமிடமே வாக்குறுதி அவருடைய போனுக்கு உரியதாகிவிடுகிறது. வெறும் ‘ஒரே நாளில்’ இதைச் செய்யாது.

நேரம் தெரியாத வேலைகளுக்கு என்ன எழுதுவது? இங்கேதான் கடைக்காரர்கள் ஒரு நல்ல வாய்ப்பைக் கைவிடுகிறார்கள். செத்துப்போன போனை ஒரே நாளில் சரிசெய்வதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே நாளில் பதில் சொல்வதாகச் சொல்லலாம். போர்டைத் தனியே எடுத்து டிசி பவர் சப்ளையில் கொடுத்தால், பவர் பட்டனைத் தொடும் முன்பே மின்னோட்டம் ஏறினால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று தெரியும். பட்டனை அழுத்தியும் அசைவே இல்லையென்றால் தேட வேண்டிய இடம் வேறு. முதல் கட்டச் சோதனையை ஒரு நாளுக்குள் முடித்துவிடலாம். ஆகவே, ‘ஆன் ஆகாத போன்: கோளாறு என்ன, சரியாகுமா, எவ்வளவு செலவு என்று எங்களுக்குத் தெரிந்தவரை அன்றே சொல்கிறோம். நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும்.’ சோதனைக்குக் கட்டணம் உண்டு என்றால் அந்தத் தொகையையும் அதே வரியில் போட்டுவிட வேண்டும். போனைத் திரும்பக் கேட்கும்போது திடீரென்று 200 ரூபாய் கேட்டால், அதுவரை சொன்ன உண்மை எல்லாம் வீணாகிவிடும்.

தண்ணீரில் விழுந்த போனுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். கழுவி, காயவைத்து, ஆன் செய்துவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் ஐசிகளுக்கு அடியில் தங்கிய ஈரம் அரித்துக்கொண்டே இருக்கும். இன்று ஓடிய போன் பத்து நாளில் நின்றுபோகலாம். அதற்கு ஒரு மாத கேரண்டி கொடுக்கிற கடை, தன் கையில் இல்லாத ஒன்றைக் கொடுக்கிறது. ‘தண்ணீர் புகுந்த போனுக்கு கேரண்டி இல்லை. புதிதாகப் போட்ட பார்ட் இருந்தால் அதற்கு மட்டும் உண்டு’ என்று நேராகச் சொல்வதுதான் சரி.

இப்போது கேரண்டிக்கு வருவோம். ‘100% கேரண்டி’யில் எதற்கு, எத்தனை நாள், கெட்டால் கடை என்ன செய்யும் என்ற மூன்றுமே இல்லை. கேட்கிறவர் போன் முழுவதற்கும் என்று எடுத்துக்கொள்கிறார். கொடுக்கிறவர் தான் போட்ட பார்ட்டுக்கு மட்டும் என்று நினைக்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் சண்டை வருகிறது.

பார்ட்டின் தரத்திலிருந்து தொடங்க வேண்டும். அமோலெட் போனுக்கு ஒரிஜினல் காம்போவும் கிடைக்கும், விலை குறைந்த டிஎஃப்டி அல்லது இன்செல் காப்பியும் கிடைக்கும். காப்பியில் கறுப்பு நிறம் சாம்பல் பூத்தது போலத் தெரியும். திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை சென்சார் பொதுவாக வேலை செய்யாது. காப்பி போடுவது தப்பில்லை. ஒரிஜினல் விலைக்குப் புதுப் போனே வாங்கலாம் என்ற நிலையில் பலருக்கு அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் பில்லில் ‘டிஸ்ப்ளே மாற்றப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் அது மறைப்பு. ‘காப்பி டிஸ்ப்ளே, கைரேகை வேலை செய்யாது’ என்று வேலைக்கு முன்பே சீட்டில் எழுதிக் காட்டினால், அந்த அக்கா, “பரவால்ல தம்பி, பேட்டர்ன் போட்டுக்கறேன்” என்று சொல்லிவிடுவார். சொல்லாமல் போட்டால் வீட்டுக்குப் போய் விரலை வைத்த முதல் நிமிடத்திலேயே கோபம் வரும்.

நாள் கணக்கு இதை விடச் சிக்கல். பார்ட் விற்கும் மொத்தக் கடை பெரும்பாலும் சர்வீஸ் கடைக்குக் கொடுப்பது செக்கிங் வாரண்டி மட்டும்தான். மாட்டிப் பார்த்துச் சரியில்லை என்றால் உடனே திருப்பித் தரலாம். மேலே இருக்கும் ஃபிலிமை உரித்தாலோ, பசை பட்டாலோ, ஃப்ளெக்ஸ் மடங்கினாலோ வாங்க மாட்டார்கள். ஆகவே சர்வீஸ் கடை ‘3 மாத கேரண்டி’ என்று எழுதும்போது அந்தச் சுமை முழுவதையும் தானே தூக்குகிறது. தூக்க முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டு எழுத வேண்டும். ஒரு பேச்சுக்கு, காம்போ 1,500 ரூபாய், இருபதில் ஒன்று மூன்று மாதத்துக்குள் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு திரையிலும் 75 ரூபாய், கூடவே மறுபடி செய்யும் உழைப்பு, கேரண்டிக்காக ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காத கடை, திரும்பி வரும் ஆளிடம் ஏதாவது குற்றம் கண்டுபிடித்துத்தான் அனுப்பும். தன் கடையில் எத்தனை திரும்பி வருகின்றன என்பதைப் பழைய பில்களைப் புரட்டினாலே கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கணக்கு ஒரு மாதத்தைத்தான் தாங்கும் என்றால் ஒரு மாதம் என்று எழுதுவதே நேர்மை.

‘உடைந்தால் கேரண்டி இல்லை’ என்ற வரியில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு வருவது கண்ணாடி உடையாமல் திரை கெடும்போது. பச்சைக் கோடு விழும், டச் தானாக வேலை செய்யும், ஒரு மூலையில் கறுப்புத் திட்டு மை கொட்டியது போலப் பரவும். இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். கறுப்புத் திட்டு பெரும்பாலும் அடியோ அழுத்தமோ பட்ட இடத்திலிருந்து கிளம்பும். திரையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் புள்ளியில் சிறு நசுங்கலோ ஃப்ரேம் வளைவோ தெரியலாம். அடிபட்ட தடமே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை நேர்கோடு விழுந்தால் பார்ட்டின் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் சில நேரம் எதனால் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் யார் பக்கம் நிற்பது என்பதைக் கடை முன்பே முடிவு செய்து எழுதிவிட வேண்டும். என்னைக் கேட்டால், தடயம் இல்லாத இடத்தில் வாடிக்கையாளர் பக்கம்தான் நிற்க வேண்டும். போனைத் திறந்து வேலை செய்தது கடை, அவர் இல்லை.

இவற்றை வைத்துப் பில்லில் அச்சிடக்கூடிய ஒரு வாசகம்:

‘நாங்கள் மாற்றிய டிஸ்ப்ளேவுக்கும் செய்த வேலைக்கும் இன்றிலிருந்து 90 நாள் கேரண்டி. கோடு, புள்ளி, டச் கோளாறு, திரை ஓரம் தூக்குதல் ஆகியவற்றுக்குப் பணம் வாங்காமல் மாற்றித் தருவோம். அதே பார்ட் 7 நாளில் கிடைக்காவிட்டால் நீங்கள் கொடுத்த தொகையைத் திருப்பித் தருவோம். கண்ணாடி உடைந்தாலோ, ஃப்ரேம் வளைந்தாலோ, தண்ணீர் புகுந்தாலோ கேரண்டி இல்லை. அதை உங்கள் எதிரிலேயே காட்டுவோம். அடிபட்ட தடயம் தெரியாவிட்டால் மாற்றித் தருவோம். போனின் மற்ற பாகங்களுக்கு இந்த கேரண்டி பொருந்தாது. திறந்து ஒட்டிய போனுக்குக் கம்பெனி சொன்ன தண்ணீர்ப் பாதுகாப்பு இனி இருப்பதாக எண்ண வேண்டாம்.’

கடைசி வரி பல கடைகளில் விடுபடும். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று வாங்கிய போனை ஒருமுறை பிரித்துவிட்டால், கம்பெனி ஒட்டிய அந்த அடைப்பு போய்விடுகிறது. அது தெரியாமல் மழையில் போனை எடுத்துப் பேசுகிறவருக்கு இந்த ஒரு வரி ஒரு போனைக் காப்பாற்றும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நிறைவேற்ற நியாயமான வாய்ப்பே இல்லாத கேரண்டியையும், பழுது பார்த்துத் தருவதாகத் தவறாக எண்ணவைக்கும் வாக்குறுதியையும் முறையற்ற வணிகம் என்கிறது. பில் தராமல் இருப்பதும் அதில் வரும். 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் இன்னும் குறிப்பானவை. நிபந்தனையை விளம்பரம் இருக்கும் அதே மொழியில், கண்ணில் படும் இடத்தில், அதே எழுத்துருவில் போட வேண்டும். பெரிதாகச் சொன்னதை நிபந்தனையில் மறுக்கக் கூடாது. தமிழில் ‘100% கேரண்டி’ என்று ஆள் உயரத்துக்குப் போட்டு, நட்சத்திரக் குறி வைத்து, அடியில் எறும்பளவு ஆங்கிலத்தில் நிபந்தனைகள் உண்டு என்று எழுதுகிற பழக்கம் இதில் நேராக அடிபடுகிறது. வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தால், புகாருக்கு ஆதாரமாக அந்த போர்டின் போட்டோவையும் காட்டலாம்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் சில நாள் தவறத்தான் செய்யும். மாலை 5 மணிக்கு மின்சாரம் போகும்; மொத்தக் கடை அனுப்பிய காம்போ மாட்டிப் பார்த்தால் டச் எடுக்காது. அந்த நாளுக்கும் வாசகத்தில் ஒரு இடம் வேண்டும்: ‘சொன்ன நேரத்துக்கு முடியாது என்று தெரிந்தால், நீங்கள் கிளம்பி வருமுன் அழைத்துச் சொல்வோம். காத்திருக்க விருப்பமில்லை என்றால் முன்பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு போனை எடுத்துப் போகலாம்.’ இதற்குக் கடை ஒரே ஒரு வேலை செய்ய வேண்டும். போனை வாங்கும்போது வேறொரு நம்பரை, வீட்டில் யாராவது எடுக்கிற நம்பரை, சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பல கடைச் சீட்டில் நம்பர் எழுதும் கட்டம் ஒன்றுதான் இருக்கும். அதில் வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது, பெரும்பாலும் இப்போது மெக்கானிக் மேஜையில் பிரித்துக் கிடக்கும் அதே போனின் நம்பரைத்தான்.